ஈஆர்பியில் மாதக் கணக்கை முடிப்பது: அக்ரூவல் முதல் பீரியட் லாக் வரை

மாதக் கணக்கு முடிப்பதற்கென்று ஒரு செக்லிஸ்ட் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறது. நாற்பது வரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். ஆனால் தகராறு வருவது பெரும்பாலும் விட்டுப்போன வரியால் அல்ல, வரிசை மாறியதால்தான். ஸ்டாக் கணக்கைச் சரிபார்த்து முடித்த பிறகு குடோனில் ஒருவர் பழைய தேதியில் சரக்கு வரவு போடுவார். பில் வராத செலவுக்குப் போட்ட அக்ரூவலைத் திருப்பிப் போட அடுத்த மாதம் இன்னும் திறந்திருக்காது. அதனால் இந்த வழிகாட்டியில் எதை முதலில் பூட்டுவது, எதை அதன்மேல் கட்டுவது என்பதைத்தான் தொடர்ந்து பார்க்கப் போகிறோம். உதாரணத்துக்கு மார்ச் மாதத்தை எடுத்துக்கொள்வோம். நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது, அதனால் மார்ச் என்பது 3ஆவது பீரியட். திரைப் பெயர்கள் வரும் இடங்களில் அதிகமும் எஸ்ஏபியை வைத்துச் சொல்கிறேன். மற்ற ஈஆர்பிகளிலும் தர்க்கம் இதேதான்.

முதல் படி: புதிய மாதத்தைத் திறந்துவிட்டு, பழையதன் வாசலைச் சுருக்குவது

ஏப்ரல் 1 அன்று காலை முதல் வேலை 4ஆவது பீரியடைத் திறப்பது. மார்ச்சை மூடுவது அப்புறம். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் அந்தச் சில நாட்கள்தான் ஆபத்தானவை, ஆனால் தவிர்க்க முடியாதவை.

எஸ்ஏபியில் சரக்குப் பிரிவின் பீரியடும் நிதிக் கணக்கின் பீரியடும் தனித்தனி. சரக்குப் பிரிவை MMPV நகர்த்தும். அதை ஓட்டிய பிறகும் அது ‘நடப்பு மாதம், முந்தைய மாதம்’ என இரண்டையும் ஏற்கும். MMRV திரையில் முந்தைய மாதப் பதிவுக்கு அனுமதி இருந்து, நிதிக் கணக்கிலும் மார்ச் திறந்திருந்தால், ஏப்ரல் 3ஆம் தேதி உட்கார்ந்துகொண்டு மார்ச் 29 என்று தேதி போட்டு சரக்கு வரவைப் பதியலாம். இது தவறான வசதி அல்ல. 31ஆம் தேதி இரவு வந்த லாரிக்கு மறுநாள் காலையில்தான் பதிவு நடக்கும். அதற்கு ஒரு நேரம் குறித்துவிட்டால் போதும். முதல் வேலைநாள் மதியம் வரை என்று வைத்தால், மதியம் MMRV-யில் அந்த அனுமதியை எடுத்துவிட வேண்டும்.

அந்த நேரம் முடியும் முன் குடோனிடம் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. சரக்கு உள்ளே வந்து வரவு போடாதது ஏதாவது உண்டா? சரக்கு வெளியே போய் பில் போடாதது ஏதாவது உண்டா? ‘எல்லாம் போட்டாச்சு’ என்ற பதிலை நம்ப வேண்டாம். மாதத்தின் கடைசி மூன்று நாள் கேட் ரெஜிஸ்டரை வாங்கி ஈஆர்பியின் வரவுப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். அரை மணி நேர வேலை.

இரண்டாம் படி: பாதியில் நிற்கும் ஆவணங்கள்

பீரியட் லாக் என்பது பதிவான ஆவணங்களைத் தொடாது. பாதியில் நிற்கும் ஆவணங்களையும் அதுவாகக் காட்டிக்கொடுக்காது. விலை ஒத்துப்போகாமல் பதியாமலே நிற்கும் பில், ஒப்புதலுக்குக் காத்திருக்கும் ஜர்னல், பார்க் செய்து வைத்துவிட்டு லீவில் போனவரின் ஆவணம் எல்லாம் மாதம் மூடியதும் அப்படியே கிடக்கும். ஏப்ரலில் யாராவது திறந்து, பதிவுத் தேதியை மாற்றி, ஏப்ரல் செலவாக ஏற்றிவிடுவார்கள்.

ஆரக்கிளில் இது இன்னும் நைசாக நடக்கும். கணக்கில் ஏறாத பில்கள் இருந்தால் பேயபிள்ஸ் பீரியடை மூட விடாது. அப்போது அவற்றை அடுத்த மாதத்துக்கு ஒட்டுமொத்தமாகத் தள்ள ஸ்வீப் என்று ஒரு வசதி உண்டு. தள்ளினால் மாதம் மூடிவிடும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் மார்ச் செலவு ஏப்ரலுக்குப் போய்விட்டது. ஸ்வீப் ஓட்டும் முன் அந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, மார்ச்சுக்கு உரியவற்றை அக்ரூவல் பட்டியலில் சேர்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

இதெல்லாம் முடிந்ததும் வெண்டார், கஸ்டமர் இரண்டு சப் லெட்ஜர்களையும் மார்ச்சுக்குப் பூட்டலாம். பொது லெட்ஜர் மட்டும் திறந்திருக்கட்டும், இன்னும் வேலை இருக்கிறது.

மூன்றாம் படி: அக்ரூவல்

மார்ச்சில் அனுபவித்துவிட்டோம், பில் வரவில்லை. அந்தச் செலவை மார்ச்சிலேயே காட்ட வேண்டும். இதில் யாருக்கும் குழப்பமில்லை. குழப்பம் வேறு இடத்தில் வருகிறது. அந்த அக்ரூவலை ஏற்கனவே ஈஆர்பி தானாகப் போட்டுவிட்டதா என்பதை யாரும் பார்ப்பதில்லை.

ஒரு கேஸைப் பார்ப்போம். ஒரு உதிரிபாகம் 400 எண்ணிக்கை, ஒன்று 250 வீதம் ஆர்டர். மார்ச் 28 அன்று 400-உம் வந்து, வரவும் போட்டாச்சு. அந்த நிமிடமே ஈஆர்பி ஸ்டாக் கணக்கில் 1,00,000 டெபிட், ஜிஆர்/ஐஆர் கணக்கில் 1,00,000 கிரெடிட் போட்டுவிடும். ஜிஆர்/ஐஆர் என்பது ‘சரக்கு வந்தது, பில் வரவில்லை’ என்பதற்கான இடைக் கணக்கு. மார்ச் 30 அன்று 300-க்கு மட்டும் பில் வந்தது. ஜிஆர்/ஐஆரில் 75,000 டெபிட், வெண்டாருக்கு 75,000 கிரெடிட். மாதக் கடைசியில் ஜிஆர்/ஐஆரில் மிச்சம் 25,000 கிரெடிட். மீதி 100 எண்ணிக்கைக்கான அக்ரூவல் அதுதான், வேறெதுவும் போட வேண்டியதில்லை.

இப்போது கொள்முதல் பிரிவிலிருந்து ஒரு மெயில் வருகிறது. ‘அந்த ஆர்டரில் 100-க்கு பில் இன்னும் வரவில்லை, 25,000 வரும்.’ அவர்கள் சொன்னது உண்மை. கணக்குப் பிரிவில் இருப்பவர் அதைப் பார்த்துவிட்டுச் செலவில் 25,000 டெபிட், அக்ரூடு லயபிலிட்டியில் 25,000 கிரெடிட் போடுகிறார். விளைவு: கொடுக்க வேண்டியது 25,000, லெட்ஜரில் நிற்பது 50,000. சரக்கு ஸ்டாக்கில் பத்திரமாக இருக்கும்போதே அதைச் செலவாகவும் காட்டியாகிவிட்டது. லாபம் 25,000 குறைவாகத் தெரியும். ட்ரையல் பேலன்ஸ் மட்டும் அழகாக டேலி ஆகும், அதனால் யாருக்கும் தெரியாது.

இதைத் தடுக்க அக்ரூவல் கேட்கும் படிவத்தில் இரண்டு கட்டங்கள் போதும்: பர்ச்சேஸ் ஆர்டர் எண் என்ன, அதற்கு வரவு போட்டாச்சா. வரவு போட்டிருந்தால் கையால் அக்ரூவல் கிடையாது. ஸ்டாக்குக்கு மட்டுமல்ல, நேராகச் செலவுக்குப் போகும் ஆர்டருக்கும் வரவு போடும்போது இதே மாதிரிதான் கணக்கு நடக்கும். ஆர்டர் இருந்தும் வரவு போடாமல் இருந்தால் (சேவைகளில் இது சகஜம்) சம்பந்தப்பட்டவரைப் பிடித்து வரவைப் போட வைப்பதுதான் நல்லது. ஆர்டரே இல்லாமல் வரும் செலவுகள், அதாவது மின்சாரம், வழக்கறிஞர் கட்டணம், வட்டி போன்றவைதான் கையால் போடும் அக்ரூவலின் உண்மையான இடம். இப்படி வடிகட்டினால் நீளமான பட்டியல் பத்துப் பதினைந்து வரியில் வந்து நிற்கும்.

ஒரு குறைந்தபட்சத் தொகையும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே உள்ளதைப் பில் வரும் மாதத்திலேயே விட்டுவிடலாம். எவ்வளவு என்பதை ஆடிட்டரோடு பேசி எழுத்தில் வைக்க வேண்டும். மாதாமாதம் லாபத்தைப் பார்த்து அதை ஏற்றி இறக்கக் கூடாது.

அக்ரூவலைத் திருப்புவது

மின்சாரத்துக்கு மார்ச் 31 தேதியில் மதிப்பீடாக 60,000 போடுகிறீர்கள். ஏப்ரல் 1 தேதியில் அது அப்படியே திரும்ப வேண்டும். அதாவது ஏப்ரல் தொடக்கத்தில் மின்சாரச் செலவு 60,000 மைனஸில் நிற்கும். ஏப்ரல் 12 அன்று மார்ச் மாதப் பில் 63,500-க்கு வருகிறது. பில்லைப் பதிபவர் எதையும் யோசிக்காமல் முழுத் தொகையையும் செலவில் போடுகிறார். மைனஸ் 60,000-உம் 63,500-உம் சேர்ந்து ஏப்ரலில் தங்குவது 3,500 மட்டும். மதிப்பீட்டில் குறைந்துபோனது அவ்வளவுதான். பில் பதிபவருக்கு அக்ரூவலைப் பற்றித் தெரிய வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் இந்த முறையின் அழகு.

திரும்பாமல் போனால்? ஏப்ரல் செலவில் முழு 63,500 ஏறும். மார்ச்சில் போட்ட 60,000-உம் இருக்கிறது. ஒரே மின்சாரத்துக்கு இரண்டு தடவை செலவு. எஸ்ஏபியில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் உண்டு. FBS1 திரையில் போடும்போது திருப்ப வேண்டிய தேதியைக் கேட்கும், நாமும் கொடுப்போம். ஆனால் அந்தத் தேதி வந்ததும் தானாகத் திரும்பாது. F.81 என்ற ப்ரோகிராமை யாராவது ஓட்ட வேண்டும், அல்லது அதை ஜாப் ஆகப் போட்டு வைக்க வேண்டும். ஓட்டும் நாளில் ஏப்ரல் திறந்திருக்கவும் வேண்டும். முதல் படியில் புதிய மாதத்தை முதலில் திறக்கச் சொன்னது இதற்காகத்தான்.

திரும்பியதா என்று பார்க்க எளிமையான சோதனை ஒன்று உண்டு. மாதக் கடைசியில் அக்ரூடு லயபிலிட்டி கணக்கின் இருப்பும், அந்த மாதத்து அக்ரூவல் பட்டியலின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏப்ரல் மின்சாரத்துக்கு 62,000 மதிப்பிட்டிருக்கிறீர்கள், அது ஒன்றுதான் பட்டியலில் இருக்கிறது, ஆனால் கணக்கில் 1,22,000 நிற்கிறது என்றால் மார்ச்சின் 60,000 இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. வித்தியாசம் பழைய அக்ரூவல் ஒன்றின் தொகைக்கு அச்சாகப் பொருந்தும். தேட வேண்டியதே இல்லை.

தேய்மானமும் அந்நியச் செலாவணி மறுமதிப்பீடும் இந்தக் கட்டத்திலேயே நடக்க வேண்டியவை. எஸ்ஏபியில் AFAB, FAGL_FCV. இரண்டையும் முதலில் டெஸ்ட் ரன் ஓட்டிப் பாருங்கள், போன மாதத்தோடு ஒப்பிடுங்கள், பிறகு பதியுங்கள். மறுமதிப்பீட்டை வெண்டார், கஸ்டமர் சப் லெட்ஜர்கள் பூட்டிய பிறகு ஓட்டுவது நல்லது. இல்லையென்றால் பிறகு வரும் பில்கள் அதில் சேராது.

நான்காம் படி: ரீகன்சிலியேஷன்

எல்லாக் கணக்கையும் ஒரே அக்கறையோடு பார்க்கத் தேவையில்லை. பெரும்பாலான சிக்கல் மூன்று இடங்களில் இருக்கும்.

முதலாவது, கன்ட்ரோல் அக்கவுண்டும் சப் லெட்ஜரும். பொது லெட்ஜரில் வெண்டார்கள் மொத்தமாக எவ்வளவு, வெண்டார் வாரியான பட்டியலின் கூட்டு எவ்வளவு. எஸ்ஏபியில் கன்ட்ரோல் அக்கவுண்டில் நேராக ஜர்னல் போட முடியாது, அதனால் வித்தியாசம் அபூர்வம். நேராகப் போட அனுமதிக்கும் ஈஆர்பிகளில் வித்தியாசத்தின் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் கையால் போட்ட ஒரு ஜர்னல்தான். அந்தக் கணக்கில் மாதம் முழுக்க வந்தவற்றில் சப் லெட்ஜரிலிருந்து வராதவற்றை மட்டும் வடிகட்டினால் அகப்பட்டுவிடும். ஆனால் அதற்கு முன் ரிப்போர்ட்டின் தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 4 அன்று ஓட்டிய வயது வாரியான பட்டியல், ‘இன்று’ என்ற கணக்கில் ஓடியிருந்தால், ஏப்ரலில் செய்த பேமெண்டுகள் கழிந்துபோயிருக்கும். இல்லாத வித்தியாசத்தைத் தேடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. மார்ச் 31 நிலவரப்படி என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, வங்கி. லெட்ஜரில் 4,82,300, ஸ்டேட்மெண்டில் 5,06,000 என்று வைத்துக்கொள்வோம். நாம் கொடுத்து வங்கியில் இன்னும் பாஸ் ஆகாத காசோலைகள் 31,000, நாம் வரவு வைத்து வங்கியில் இன்னும் ஏறாதது 10,000. ஸ்டேட்மெண்டிலிருந்து 31,000 கழித்து 10,000 கூட்டினால் 4,85,000 வருகிறது. லெட்ஜரை விட 2,700 அதிகம். இந்த 2,700 என்ற எண் ஏதோ சொல்கிறது: 9-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். 2,700-ஐ 900-ஆல் வகுத்தால் 3, ஆகவே நூறும் ஆயிரமும் இடம் மாறியிருக்கலாம், இரண்டு இலக்கங்களுக்கும் வித்தியாசம் 3. பேமெண்ட் பட்டியலில் தேடினால் 5,800 போக வேண்டிய இடத்தில் 8,500 என்று பதிவாகியிருக்கிறது. 9-ஆல் வகுபடாவிட்டால் வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடுங்கள். டெபிட்டுக்குப் பதில் கிரெடிட் போட்டால் வித்தியாசம் இரட்டிப்பாகத் தெரியும். 9-ஆல் வகுபடுவது தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால் ஆதாரம் கிடைக்காமல் எதையும் திருத்த வேண்டாம்.

மூன்றாவது, ஜிஆர்/ஐஆர். என்னைக் கேட்டால் ஒரு அலுவலகத்தின் கொள்முதல் எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பதை இந்த ஒரு கணக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம். மொத்த இருப்பை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் கிரெடிட்டும் டெபிட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஆர்டர் வாரியாக, வயதோடு பட்டியல் எடுக்க வேண்டும். கிரெடிட் நின்றால் சரக்கு வந்திருக்கிறது, பில் வரவில்லை. டெபிட் நின்றால் பில் வந்திருக்கிறது, சரக்கு வரவில்லை. பிந்தையது கவலைக்குரியது, வராத சரக்குக்குப் பணம் போயிருக்கலாம்.

நம் உதாரணத்தில் நின்ற 25,000 இளம் பாக்கி, அடுத்த மாதம் தீரும். பில் 260 வீதம் 26,000-க்கு வந்தாலும் ஜிஆர்/ஐஆர் 25,000-க்குத் தீர்ந்துவிடும். மிச்சம் 1,000, ஸ்டாண்டர்டு விலைப் பொருளானால் விலை வித்தியாசக் கணக்குக்குப் போகும். சராசரி விலைப் பொருளாகி சரக்கு இன்னும் கையிருப்பில் இருந்தால் ஸ்டாக் மதிப்பில் ஏறும். ஆறு மாதம் தாண்டி நிற்கும் பாக்கி வேறு ஜாதி. 20 எண்ணிக்கை பழுதென்று திருப்பி அனுப்பியிருப்பார்கள், ஈஆர்பியில் திருப்பல் பதிவு போட்டிருக்க மாட்டார்கள். அல்லது ஆர்டரே குறிப்பிடாமல் பில்லை நேராகச் செலவில் பதிந்திருப்பார்கள், அப்படியென்றால் ஒரே செலவு இரண்டு தடவை ஏறியிருக்கிறது. MR11 வைத்து இவற்றைத் தள்ளுபடி செய்வது இரண்டு நிமிட வேலை. காரணம் தெரியும் முன் அதைச் செய்தால், பிறகு பில் வரும்போது பொருத்த ஒன்றும் இருக்காது.

ஐந்தாம் படி: பூட்டுவது

எஸ்ஏபியின் OB52 திரையில் கணக்கு வகை வாரியாக வரிகள் இருக்கும்: K வெண்டார், D கஸ்டமர், A சொத்து, M சரக்கு, S பொது லெட்ஜர், எல்லாவற்றுக்கும் மேலே + என்று ஒன்று. ஒரு ஆவணம் உள்ளே வர முதலில் + வரியில் அந்த மாதம் திறந்திருக்க வேண்டும், பிறகு அதில் உள்ள ஒவ்வொரு கணக்கின் வகையும் திறந்திருக்க வேண்டும். இதனால்தான் படிப்படியாக மூட முடிகிறது. M, K, D வரிகளை மார்ச்சுக்கு மூடி, +, S வரிகளைத் திறந்து வைத்தால் புதிய பில் எதுவும் வராது, ஆனால் சரிசெய்யும் ஜர்னல் போடலாம். தேய்மானம் முடிந்ததும் A. கடைசியில் S, +. மாறாக S-ஐ முதலில் மூடினால் வெண்டார் பில்லும் நின்றுவிடும், காரணம் பில்லின் மறுபக்கம் செலவுக் கணக்கு.

கடைசி இரண்டு நாளைக்கு இன்னொரு வசதி கைகொடுக்கும். OB52-வின் ஒவ்வொரு வரியிலும் திறந்திருக்க வேண்டிய பீரியடுகளை இடைவெளிகளாகக் கொடுப்போம், அதில் முதல் இடைவெளிக்கு மட்டும் ஒரு அனுமதிக் குழுவைக் குறிப்பிடலாம். மார்ச்சை முதல் இடைவெளியில் வைத்து, ஏப்ரலை இரண்டாவதில் வைத்தால், ஏப்ரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். மார்ச் அந்தக் குழுவில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும்.

பூட்டியாச்சு என்று மெயில் போடும் முன் ஒரு தேடல். பதிவுத் தேதி மார்ச்சில், உள்ளிட்ட தேதி சப் லெட்ஜர் பூட்டிய பிறகு:

```sql
SELECT belnr, blart, budat, cpudt, usnam
FROM bkpf
WHERE bukrs = '1000' AND gjahr = '2025'
  AND monat = '03' AND cpudt > '20250402'
```

BUDAT பதிவுத் தேதி, CPUDT கணினியில் ஏறிய தேதி. இங்கே வருபவை எல்லாம் நீங்கள் எதிர்பார்த்த ஜர்னல்களாக இருக்க வேண்டும்: அக்ரூவல், தேய்மானம், மறுமதிப்பீடு. சரக்கு ஆவணமோ வெண்டார் பில்லோ தலைகாட்டினால் அந்த ரீகன்சிலியேஷனை மறுபடி ஓட்டியாக வேண்டும். மற்ற ஈஆர்பிகளிலும் உருவாக்கிய தேதியை வைத்து இதே வடிகட்டலைச் செய்யலாம்.

மறுபடி திறக்கச் சொன்னால்

சொல்வார்கள், மாதாமாதம் யாராவது ஒருவர். கேட்பவர் எழுத்தில் கொடுக்கட்டும்: என்ன ஆவணம், எவ்வளவு, ஏன் ஏப்ரலில் போட முடியாது. தொகை சின்னதென்றால் ஏப்ரலிலேயே போடச் சொல்லிவிடலாம். திறக்கத்தான் வேண்டும் என்றால் தேவையான வகையை மட்டும், அனுமதிக் குழுவுக்கு மட்டும், ஒரு மணி நேரத்துக்குத் திறங்கள். வெண்டார் பில் ஒன்றுக்காக M வரியைத் தொட வேண்டாம். மூடிய பிறகு மேலே உள்ள தேடலை மறுபடி ஓட்டி, கேட்ட ஆவணம் மட்டும்தான் வந்ததா என்று பாருங்கள். வெண்டார் ரீகன்சிலியேஷனை மட்டும் புதிதாக எடுத்து, பழையதை அழிக்காமல் அதன் பின்னால் கோர்த்து வையுங்கள். ஆடிட்டர் இரண்டையும் கேட்பார்.

திரும்பத் திறக்கவே முடியாத பூட்டும் உண்டு. ஆரக்கிள் பொது லெட்ஜரில் Closed என்றால் மறுபடி திறக்கலாம், Permanently Closed என்றால் முடியாது. ஒடூவின் புதிய பதிப்புகளில் உள்ள Hard Lock தேதியும் அப்படித்தான். மாதாமாதம் இதைப் பயன்படுத்த வேண்டாம். ஆண்டுத் தணிக்கை முடிந்து, அறிக்கையில் கையெழுத்தும் ஆன பிறகு, அந்த ஆண்டின் பன்னிரண்டு மாதங்களுக்கும் சேர்த்துப் போட்டால் போதும்.